துருப்பிடித்த தோசைக்கல்லைத் தூக்கிப் போடாதீங்க



ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்ததும் நம் கூட்டங்களில் தவறாமல் வரும் பேச்சு ஒன்று உண்டு. "கல்லு துருப்பிடிச்சுப் போச்சுக்கா, தோசை ஊத்தினா எடுக்கவே வரல, காயலான் கடையில போட்டுட்டு நான்ஸ்டிக் வாங்கிடலாமா?" என்பார்கள். போட வேண்டாம் என்பதுதான் நம் பதில். வார்ப்பு இரும்புக் கல்லுக்குத் துரு என்பது மேல்தோலில் வந்த நோய். விரிசல் விடாத வரைக்கும் கல்லுக்கு ஆயுசு முடியவில்லை. இரண்டு சாயங்காலம் ஒதுக்கினால் பழையபடி தோசை வழுக்கிக்கொண்டு வரும்.

ஆனால் முறை தெரியாமல் செய்தால் எத்தனை எண்ணெய் ஊற்றினாலும் கல் பழகாது. எங்கே தவறுகிறது, எப்படிச் சரி செய்வது என்பதை நம் உறுப்பினர் ஒருவரின் கல்லை வைத்தே இந்த இதழில் சொல்கிறோம்.

வல்லம் பக்கத்தில் லைன் வீட்டில் குடியிருப்பவர் அவர். காலை ஷிப்டுக்குப் போகிற பிள்ளைகளுக்கு வீட்டு வாசலிலேயே தோசை சுட்டுக் கொடுத்து வருகிறார். மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்று ஊருக்குப் போய், நாற்பது நாள் கழித்துத் திரும்பினார். 12 அங்குலக் கல், சிமெண்ட் தரையில் சுவரோரம் சாய்த்து வைத்தபடியே இருந்தது. பக்கத்திலேயே உப்பு ஜாடி. கல் முழுக்கச் செம்மண் பூசினது போல ஆகியிருந்தது. கழுவிவிட்டு அடுப்பில் ஏற்றி, எண்ணெயைத் தாராளமாக ஊற்றித் தோசை போட்டுப் பார்த்தார். முதல் தோசை கல்லோடு ஒட்டிக்கொண்டது. சுரண்டி எடுத்தால் அடியில் சிவப்புக் கறை. ஐந்தாறு தோசை குப்பைக்குப் போனது. மாவும் எண்ணெயும் போனதோடு, வாடிக்கையாக வரும் பிள்ளைகள் இரண்டு நாளில் அடுத்த தெருக் கடைக்குப் போகத் தொடங்கினார்கள். அந்தக் கல்லைத்தான் நாம் எடுத்துக்கொண்டோம்.

துரு ஏன் வருகிறது, எண்ணெய் ஏன் நிற்கவில்லை?

நம் பகுதியில் புதுக் கார்கள் வரிசையாக நிற்கும் யார்டுகளைப் பார்த்திருப்பீர்கள். ஒரு ராத்திரி மழை பெய்தால் போதும், சக்கரத்துக்கு உள்ளே இருக்கும் பிரேக் தட்டு காலையில் ஆரஞ்சு நிறமாகியிருக்கும். அந்தத் தட்டும் வார்ப்பு இரும்புதான், நம் தோசைக்கல்லும் வார்ப்பு இரும்புதான். வெறும் இரும்போடு ஈரமும் காற்றும் சேர்ந்தால் துரு வரும். உப்பு பக்கத்தில் இருந்தால் இன்னும் சீக்கிரம் வரும், ஏனென்றால் உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும்.

பழகின கல்லில் இது வராமல் தடுப்பது மேலே இருக்கும் கறுப்புத் தோல். அது சாயம் இல்லை, அழுக்கும் இல்லை. சூட்டில் இறுகிப்போன எண்ணெய். உங்கள் அடுப்புக்கு மேலே இருக்கும் அலமாரியைத் தொட்டுப் பாருங்கள். தாளிக்கிற எண்ணெய் ஆவி படிந்து, பிசின் போல ஒட்டிக்கொண்டு, சோப்பு போட்டாலும் போகாமல் இருக்கும். எண்ணெய் சூட்டிலும் காற்றிலும் தன் குணம் மாறி இறுகினதுதான் அந்தப் பிசின். அதையே நல்ல சூட்டில், மிக மெல்லிசாக, கல்லின் மேல் படிய வைத்தால் கண்ணாடி போன்ற தோல் கிடைக்கும். அதைத்தான் கல்லைப் பழக்குவது என்கிறோம்.

இப்போது அந்த உறுப்பினரின் தோசை ஏன் ஒட்டியது என்பது புரியும். துரு என்பது பொடிப்பொடியாக, ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும் மண் மாதிரி. அதன் மேல் எண்ணெய் ஊற்றினால் எண்ணெய் இரும்பைத் தொடுவதே இல்லை, துருவின் மேல்தான் உட்காரும். துரு பெயர்ந்தால் எண்ணெயும் சேர்ந்து பெயரும். மண் சுவருக்கு மேல் சுண்ணாம்பு அடித்த கதைதான். அதனால் வேலை இரண்டாகப் பிரிகிறது. முதலில் துரு முழுசாகப் போக வேண்டும். பிறகு எண்ணெய் மெல்லிசாக ஏற வேண்டும்.

முதலில் கல்லைச் சோதியுங்கள்

வேலையில் இறங்கும் முன் கல்லை ஒரு கையில் தொங்கவிட்டு, கரண்டிக் காம்பால் தட்டிப் பாருங்கள். கணீர் என்று ஓசை வந்தால் நல்ல கல். டப்பென்று அடங்கின சத்தம் வந்தால் எங்கோ விரிசல் இருக்கலாம், விளிம்பை வெளிச்சத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். விரிசல் விட்ட கல் சூட்டில் உடைந்து காலில் விழும், அதைக் கடையில் போடுவதே சரி. சொறி சொறியாய்ச் சின்னக் குழிகள் இருந்தால் பயமில்லை. குழி ஆழமாய் இருந்தால் அந்த இடத்தில் தோசை கொஞ்சம் பிடிக்கத்தான் செய்யும், சப்பாத்திக்கு வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, இந்த முறை இரும்புக் கல்லுக்கு மட்டும். நான்ஸ்டிக் கல்லில் பூச்சு உரிந்திருந்தால் அதைத் தேய்த்துச் சரி செய்ய முடியாது.

முதல் சாயங்காலம்: துருவை எடுப்பது

லேசான துரு என்றால் இரண்டு கைப்பிடி கல் உப்பும் இரண்டு ஸ்பூன் எண்ணெயும் போட்டுத் தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்தாலே போய்விடும். அந்த உறுப்பினரின் கல்லுக்கு அது போதவில்லை. அதனால் ஸ்டீல் நாரும், ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் 80ஆம் நம்பர் உப்புத்தாளும் வாங்கினோம். கல்லின் மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்துக்கொண்டே வட்டவட்டமாகத் தேய்த்தோம். காய்ந்த கல்லைத் தேய்த்தால் துருத் தூள் மூக்கில் ஏறும், ஈரத்தோடு தேய்த்தால் ஏறாது. கைக்குப் பழைய துணி சுற்றிக்கொள்ளுங்கள். அடிப்பக்கம், விளிம்பு, கைப்பிடி எதையும் விடக் கூடாது. விளிம்பில் விட்ட துரு மெல்ல நடுவுக்கும் பரவும்.

அரை மணி தேய்த்த பிறகும் நடுவில் உள்ளங்கை அளவுக்கு ஒரு திட்டு அசையவில்லை. அங்கே வினிகர் வைத்தோம். மளிகைக் கடை வினிகரில் சம பங்கு தண்ணீர் கலந்து, துணியை அதில் நனைத்து, திட்டின் மேல் போர்த்தி விட வேண்டும். அரை மணி கழித்து எடுத்து நாரால் தேய்த்தால் இளகி வரும். வராவிட்டால் இன்னும் அரை மணி வைக்கலாம், அவ்வளவுதான். "ராத்திரி முழுக்க ஊறட்டும்" என்று விட்டுவிடாதீர்கள். புளிப்பு துருவைத் தின்று முடித்ததும் இரும்பைத் தின்ன ஆரம்பித்துவிடும். வினிகர் இல்லாத வீட்டில் புளித்தண்ணியோ, நன்றாகப் புளித்த கஞ்சித்தண்ணியோ வைக்கலாம். அது மெதுவாக வேலை செய்யும் என்பதால் ராத்திரி வைத்துக் காலையில் எடுக்கலாம்.

இங்கே மூன்று எச்சரிக்கை சொல்ல வேண்டும். கக்கூஸ் கழுவும் ஆசிட்டைத் தொடவே வேண்டாம். அது இரும்பை அரிக்கும், புகையும் நெஞ்சுக்கு ஆகாது. இரண்டாவது, கம்பெனியிலிருந்து யாராவது துரு எடுக்கும் மருந்தோ மெஷின் ஆயிலோ கொண்டுவந்து கொடுத்தால் வாங்காதீர்கள். அது வண்டிப் பாகத்துக்கு உள்ளது, சோறு சமைக்கும் பாத்திரத்துக்கு இல்லை. மூன்றாவது, வெல்டிங் பட்டறையில் கொடுத்துச் சாணை மெஷினில் ஓட்டினால் பளபளவென்று வருகிறது என்று சிலர் சொல்கிறார்கள். மெஷின் ஒரே இடத்தில் ஆழமாகக் குடைந்துவிடும். பிறகு அந்தப் பள்ளத்தில் எண்ணெய் தேங்கும், தோசை சீராக வேகாது. கைத்தேய்ப்பே நல்லது.

துரு எல்லாம் போனதா என்று எப்படித் தெரியும்? கல்லைச் சோப்புப் போட்டு ஒரு முறை நன்றாகக் கழுவி, உடனே துடைத்து, ஒரு வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். துணியில் சிவப்போ செம்பழுப்போ வந்தால் துரு மிச்சம் இருக்கிறது, மறுபடி தேய்க்க வேண்டும். கறுப்பாகவோ சாம்பல் நிறமாகவோ வந்தால் அது துரு இல்லை. வார்ப்பு இரும்புக்குள் பென்சில் குச்சியில் இருக்கும் அதே கரி கலந்திருக்கிறது, அதுதான் துணியில் ஒட்டுகிறது. இது தெரியாமல் "இன்னும் அழுக்கு வருதே" என்று நாள் முழுக்கத் தேய்க்கிறவர்கள் உண்டு. கறுப்பு வந்தால் நிறுத்திவிடலாம்.

கழுவினதும் அடுத்த நிமிஷமே கல் அடுப்பில் இருக்க வேண்டும். வெறும் இரும்பு ஈரத்தோடு இருந்தால் நாம் காபி குடித்துவிட்டு வருவதற்குள் மெல்லிய ஆரஞ்சுப் படலம் வந்துவிடும். அப்படி வந்தால் நாரால் ஒரு தேய் தேய்த்துத் திரும்பக் காய வையுங்கள். சின்னத் தீயில் பத்து நிமிஷம், ஈரப்பொட்டு இல்லாமல் காய வேண்டும். பிறகு கொஞ்சம் எண்ணெய் தடவி, துணி சுற்றி மறுநாள் வரைக்கும் வைத்துவிடலாம்.

இரண்டாவது சாயங்காலம்: எண்ணெய் ஏற்றுவது

எந்த எண்ணெய் என்பது முதல் கேள்வி. சீக்கிரம் இறுகுகிற எண்ணெய் வேண்டும். சூரியகாந்தி எண்ணெய் நன்றாக இறுகும், நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் அடுத்தபடி. தேங்காய் எண்ணெயும் நெய்யும் இதற்குச் சரிப்படாது. குளிரில் உறைகிற இந்த வகைக் கொழுப்பு சூட்டில் லேசில் தோலாக மாறாது. ரேஷன் பாமாயில் இரண்டுக்கும் நடுவில், பழகும், ஆனால் அதிகத் தடவை ஏற்ற வேண்டியிருக்கும். அந்த உறுப்பினரின் வீட்டில் சூரியகாந்தி எண்ணெய் இருந்தது, அதையே எடுத்தோம்.

கல்லைச் சின்னத் தீயில் வைத்துக் கை பொறுக்கும் சூடு வந்ததும் இறக்குங்கள். அரை ஸ்பூன் எண்ணெய் விட்டு, பருத்தித் துணியால் மேலே, கீழே, விளிம்பு, கைப்பிடி எல்லா இடமும் தடவுங்கள். இதன் பிறகு வருவதுதான் முக்கியமான வேலை. வேறொரு காய்ந்த துணியை எடுத்து, தடவின எண்ணெயை எல்லாம் துடைத்து எடுத்துவிடுங்கள். தெரியாமல் எண்ணெய் பட்டுவிட்டது, துடைத்துப் போட வேண்டும் என்று நினைத்துத் துடையுங்கள். கல்லைப் பார்த்தால் எண்ணெயே இல்லாதது போலத் தெரிய வேண்டும். கண்ணுக்குத் தெரியாமல் நிற்கிற அந்தக் கொஞ்சம் எண்ணெய்தான் தோலாக மாறும்.

நம்மில் பலர் தோற்கிற இடம் இதுதான். "நிறைய எண்ணெய் குடிச்சா நல்லாப் பழகும்" என்று குளம் கட்டி வைப்பார்கள். எண்ணெய் தடிப்பாக இருந்தால் மேலே மட்டும் காய்ந்து உள்ளே பச்சையாக இருக்கும். ஆறினதும் விரலில் பிசுக்கென்று ஒட்டும். மறுநாள் தோசை போட்டால் அந்தப் பிசுக்கு தோசையோடு திட்டுத் திட்டாக உரிந்து வரும்.

துடைத்த கல்லை அடுப்பில் ஏற்றி நடுத்தர தீ வையுங்கள். எடுத்த எடுப்பில் பெரிய தீ வேண்டாம், நடு மட்டும் சூடேறி விளிம்பு குளிர்ந்திருந்தால் கல் விரிசல் விடும். நம் வீட்டு அடுப்புக்கு 12 அங்குலக் கல் பெரிசு, அதனால் சில நிமிஷத்துக்கு ஒரு முறை கல்லை நகர்த்தி, எல்லா விளிம்பும் தீக்கு மேலே வரும்படி செய்யுங்கள். மெல்லிய புகை கிளம்பும். புகை வந்தால்தான் எண்ணெய் இறுகத் தொடங்குகிறது என்று அர்த்தம், பயந்து இறக்கிவிடாதீர்கள். புகை தானாக அடங்கும் வரைக்கும் வைத்து, அணைத்து, அடுப்பின் மேலேயே ஆற விடுங்கள்.

இது ஒரு சுற்று. கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறினதும் மறுபடி அரை ஸ்பூன், மறுபடி துடைப்பு, மறுபடி புகை. அந்தக் கல்லுக்கு ஐந்து சுற்று போட்டோம். முதல் சுற்றில் சாம்பல் நிறம் தேன் நிறமாக மாறியது. மூன்றாவதில் பழுப்பானது. ஐந்தாவதில் புளியங்கொட்டை நிறம் வந்து, லேசான மினுமினுப்பு தெரிந்தது. விரலால் தொட்டால் வழவழவென்று இருந்தது, ஒட்டவில்லை. "இன்னும் கறுப்பு வரலையே" என்று அவர் கேட்டார். கறுப்பு ஐந்து சுற்றில் வராது. தினம் தோசை சுடச் சுடத்தான் வரும்.

லைன் வீட்டு அறைகளில் ஜன்னல் சின்னது. புகை கட்டிக்கொள்ளும் என்பதால் கதவைத் திறந்து வைத்தோ, வாசலில் அடுப்பு வைத்தோ செய்யுங்கள். எண்ணெய்த் துணியை அடுப்புப் பக்கத்தில் குவித்து வைக்காதீர்கள், தண்ணீரில் நனைத்துப் போடுங்கள். கல்லை அடுப்பில் விட்டுவிட்டுக் குழாயடிக்குப் போகக் கூடாது. தப்பித்தவறி எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாமல், அடுப்பை அணைத்து மூடி போட்டு மூடுங்கள்.

முதல் தோசைக்கு முன்

புதுத் தோல் இன்னும் இளசு. அதனால் மறுநாள் நேராகத் தோசை போடவில்லை. இரண்டு ஸ்பூன் எண்ணெயில் நறுக்கின வெங்காயத்தைக் கல் முழுக்கப் பரப்பிப் பொன்னிறமாக வதக்கினோம். அதன் பிறகு கெட்டியாக இரண்டு அடை. மூன்றாவதாகத்தான் தோசை.

அது கொஞ்சம் பிடித்தது. அவர் முகம் வாடிவிட்டது. ஆனால் அந்த முறை கல்லில் குற்றம் இல்லை, சூட்டில்தான் குற்றம். கல் சரியாகக் காயவில்லை என்றாலும் தோசை ஒட்டும். தண்ணீர் தெளித்துப் பாருங்கள். துளி சும்மா உட்கார்ந்து கொதித்தால் சூடு போதாது. சுரீரென்று சுருண்டு மறைந்தால் சரி. முத்து முத்தாய் ஓடினால் சூடு அதிகம், மாவு பரவாமல் கரண்டியோடு சுருட்டிக்கொண்டு வரும். அப்போது தீயைக் குறைத்து, கொஞ்சம் பொறுத்து ஊற்றுங்கள். சோதிக்கச் சில துளி போதும். காய்ந்த கல்லில் குவளைத் தண்ணீரைக் கொட்டினால் வார்ப்பு இரும்பு வெடிக்கலாம். பிரிட்ஜில் இருந்து எடுத்த மாவை உடனே ஊற்றினாலும் கல்லின் சூடு இறங்கி ஒட்டும், அரை மணி வெளியே வைத்துவிட்டு ஊற்ற வேண்டும்.

அரை வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுக் கல்லைத் தேய்த்துவிட்டு ஊற்றியதும், நாலாவது தோசை ஓரம் கிளம்பி, கரண்டி வைத்ததும் முழுசாக வந்தது. வெங்காயம் செய்வதும் அதே மெல்லிசு வேலைதான். எண்ணெயைத் தேங்கவிடாமல் சீராகப் பரப்புகிறது.

திரும்பத் துரு வராமல் இருக்க

வேலை முடிந்ததும் கல்லைத் தொட்டியில் ஊறப் போடாதீர்கள். சூடு ஆறினதும் துணியால் துடைத்தாலே பாதி நாள் போதும். கழுவ வேண்டியிருந்தால் நாரால் சீக்கிரமாய்க் கழுவி, அடுப்பில் இரண்டு நிமிஷம் காய வைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவித் துடைத்து வையுங்கள். கொஞ்சம் சோப்புப் பட்டால் தோல் போய்விடாது. ஈரம்தான் எதிரி.

முதல் ஒரு மாதம் தக்காளி, புளி, எலுமிச்சை சேர்ந்த எதையும் அந்தக் கல்லில் சமைக்க வேண்டாம். புளிப்பு புதுத் தோலை அரித்துவிடும். சப்பாத்திக்கு வேறு கல் இருந்தால் நல்லது. எண்ணெய் இல்லாமல் பெரிய தீயில் கல் காயும்போது தோல் எரிந்து வெளுத்துப் போகும், பிறகு தோசை ஒட்டும்.

பொங்கலுக்கோ தீபாவளிக்கோ அறையைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போகிறவர்கள், கிளம்பும் முன் கல்லைச் சூடாக்கி எண்ணெய் தடவி, காய்ந்த துணியில் சுற்றி, தரையை விட்டு உயரமாக அலமாரியில் வையுங்கள். சுவரோரம் வேண்டாம், உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் வேண்டவே வேண்டாம். அப்படியும் லேசாகச் சிவப்புத் தெரிந்தால் பதற வேண்டியதில்லை. முழு வேலையும் மறுபடி செய்ய வேண்டாம். அந்த இடத்தை மட்டும் உப்பும் எண்ணெயும் போட்டுத் தேய்த்து, இரண்டு சுற்று எண்ணெய் ஏற்றினால் சரியாகிவிடும்.

அந்த உறுப்பினருக்கு ஆன செலவு ஓர் உப்புத்தாள், ஒரு ஸ்டீல் நார், ஒரு பாட்டில் வினிகர், மூன்று ஸ்பூன் எண்ணெய், கொஞ்சம் கேஸ். மூன்றாவது நாள் காலை ஷிப்டுக்குக் கிளம்பின பிள்ளைகளுக்கு அதே கல்லில் தோசை சுட்டார். உங்கள் வீட்டுக் கல்லில் துரு இருந்தால் வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்த்து, எந்த நிறம் வருகிறது என்று அடுத்த கூட்டத்தில் சொல்லுங்கள். அங்கிருந்து தொடங்கலாம்.